எழுதுபவர் பெண், பெறுபவர் பெண்

கமாவின் இந்திக்கு மீசை இருந்தது.

அதை அவள் வேண்டுமென்று வளர்க்கவில்லை. சின்ன வயதில் அண்ணனும் அவன் கிரிக்கெட் கூட்டாளிகளும் மொட்டை மாடியில் கத்திக்கொண்டதைக் கேட்டுக் கேட்டுக் காதோடு வந்து ஒட்டிக்கொண்ட இந்தி அது. அந்த மொழியில் 'நான் போகிறேன்' என்பதை ஆண் சொன்னால் 'ஜாத்தா ஹூன்'. பெண் சொன்னால் 'ஜாத்தீ ஹூன்'. தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. 'நான் போகிறேன்' என்று பூசாரி சொன்னாலும் போலீஸ்காரி சொன்னாலும் வினைக்கு ஒரே முகம்தான். அந்தச் சொகுசில் வளர்ந்த கமா, இந்தியில் வாயைத் திறந்தபோதெல்லாம் கடைக்குப் போகிறவனாகவும், தூக்கம் வந்துவிட்டவனாகவும், தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவனாகவும் இருந்தாள்.

கமா என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. வாழ்த்து மடல் விற்கும் நிறுவனம் ஒன்றில் தமிழ் வாசகங்களைத் திருத்துவது அவள் பிழைப்பு. 'அன்பே ஆருயிரே' என்று எழுதி வந்தால் நடுவில் ஒரு காற்புள்ளி போடாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அலுவலகத்தில் வைத்த அந்தப் பட்டப்பெயர் பிடித்துப்போய், அவளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த பிசியோவும் அதையே வைத்துக்கொண்டாள்.

பிசியோ என்றால் பிசியோதெரபிஸ்ட். குனிந்து குனிந்து பிழை பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்தவள். கழுத்து சரியாகிவிட்டது, போய்வருவது நிற்கவில்லை. கடைசியில் இரண்டு வாடகை வீடுகள் ஒரு வாடகை வீடாயின. பிசியோவின் தாய்மொழி இந்தி. தமிழை நோயாளிகளிடமிருந்து கற்றாள். ஆகவே அவள் தமிழில் கட்டளை வாக்கியங்களே அதிகம் இருந்தன.

"கமா, கட்டிப் பிடிங்க. மூச்சை இழுங்க. இன்னும் கொஞ்சம்... நல்லாப் பிடிங்க. இப்ப மெதுவா விடுங்க."

அவள் தெரிந்து வைத்திருந்த காதல் மொழி இதுதான். கமாவுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. பிசியோவின் அம்மா வருகிறாள் என்று செய்தி வரும்வரை.

அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வண்டி எண்ணையும் நடைமேடையையும் காலமெல்லாம் தெளிவாகச் சொன்ன அந்தப் பெண்மணிக்கு, தனக்குப் பிடிக்காத செய்தி மட்டும் தெளிவாகக் கேட்பதில்லை. "அம்மா, நானும் கமாவும் சேர்ந்து வாழறோம். புருஷன் பெண்டாட்டி மாதிரி" என்று மகள் போனில் சொல்லும்போதெல்லாம், "என்னது? லைன் சரியில்ல, இரைச்சலா இருக்கு" என்பாள். அடுத்த முறை பேசும்போது, "அந்த ரூம்காரத் தமிழ்ப் பொண்ணு சௌக்கியமா?" என்பாள். இரைச்சல் என்ன செய்யும், பாவம், அது தன் கடமையைச் செய்தது.

"இந்தத் தடவை லைன் கிடையாது," என்றாள் பிசியோ. "அம்மா நேர்ல உக்காருவான். நீங்க என் மொழில எழுதுங்க. கையால எழுதுங்க. அம்மா முன்னாடி சத்தமா படிங்க."

"உக்காருவான் இல்லடி, உக்காருவா. உங்கம்மா பொம்பள."

"சரி. உக்காருவா. நீங்க என்ன எழுதுவீங்க, சொல்லுங்க."

கமா தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னிடமிருந்த இந்தியில் மிக நல்லதை எடுத்து நீட்டினாள். "மைன் துமாரா ஹூன்."

உடற்பயிற்சிக்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய ரப்பர் பந்தின்மேல் உட்கார்ந்திருந்த பிசியோ அதிலிருந்து உருண்டு விழுந்து தரையில் கிடந்து சிரித்தாள்.

"ஏண்டி? நான் உன்னைச் சேர்ந்தவள்னு அர்த்தம்தானே?"

"சேர்ந்தவன்! 'துமாரா' ஆம்பள சொல்றது. நீங்க சொன்னா 'துமாரீ'. அப்புறம் என்னைப் பத்தி, 'நீ என்னவ'ங்கறதுக்கு, 'தும் மேரீ ஹோ'. நான் பொம்பள, அதனால மேரீ."

"அப்ப நான் ஆம்பளையா இருந்து உன்னச் சொன்னா?"

"துமாரா, மேரீ."

"நான் பொம்பளையா இருந்து ஒரு ஆம்பளையச் சொன்னா?"

"துமாரீ, மேரே. ஆனா அத எதுக்கு நீங்க சொல்றீங்க?" என்று பிசியோ எழுந்து உட்கார்ந்தாள்.

தப்பாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அவள் விளக்கியபோது சிரிப்பு நின்றிருந்தது. கமா 'துமாரா' என்று படித்தால் அம்மா ஒரு நொடியில் தப்பித்துக்கொள்வாள். 'பாவம், பாஷை தெரியாத பொண்ணு, சிநேகிதின்னு சொல்ல வந்தது என்னமோ ஆயிடுச்சு' என்று காபியை உறிஞ்சுவாள். போனில் இரைச்சல் செய்த உதவியை நேரில் இலக்கணம் செய்துவிடும். 'துமாரீ, மேரீ' என்று இரண்டு ஈகாரமும் சுத்தமாக விழுந்தால் மட்டுமே அம்மாவுக்கு ஓடி ஒளிய இடமிருக்காது.

"எதுக்கு இவ்வளவு கஷ்டம்? 'முஜே தும்ஸே ப்யார் ஹை'னு சொல்லிடறேனே. 'எனக்கு உன்மேல அன்பு இருக்கு.' அதுல ஆம்பளையும் கிடையாது, பொம்பளையும் கிடையாது. அதுவும் சரியான இந்திதானே?"

"ரொம்பச் சரியான இந்தி. அம்மா அத எங்க வீட்டுக் கிளிகிட்ட தினமும் சொல்லுவா." பிசியோ அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். "நிமிருங்க. இங்க பாருங்க. நீங்க தமிழ்லதான் ஒளிஞ்சுக்கறீங்க. என் மொழில ஒளியாதீங்க."

கமாவுக்குச் சுருக்கென்றது. உண்மை சுடத்தானே செய்யும். அலுவலகத்தில் அவளுக்கு ஒரு குகை இருந்தது. அதன் பெயர் 'அவங்க'. "அவங்களுக்குக் காய்ச்சல்", "அவங்க சமைச்சு வச்சிட்டாங்க", "அவங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க." தமிழில் மரியாதை கொடுத்துவிட்டால் போதும், ஆணா பெண்ணா என்று மொழி கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு கமா பதில் சொன்னதுமில்லை. அலுவலகமே அவளுக்கு ஒரு கணவனைக் கற்பனை செய்து, அவனுக்கு நல்ல குணங்களையும் கொடுத்து வைத்திருந்தது.

இந்த மரியாதையில் மிகவும் மயங்கியவர் உயர்நெறி. அவருடைய பதவியின் பெயர் 'மொழிப்பண்பாட்டு உயர்நெறியாளர்'. அந்தப் பதவியையும் பெயரையும் அவரே உருவாக்கி, அவரே விண்ணப்பித்து, அவரே ஏற்றுக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. "இந்தக் காலத்துலயும் கட்டினவரை 'அவங்க'ன்னு சொல்ற பொண்ணு நம்ம ஆபீஸ்ல இருக்கு. அதுதான் பண்பாடு" என்று கூட்டத்துக்குக் கூட்டம் அவளைக் காட்டுவார். கமா தலையைக் குனிந்துகொள்வாள். அதையும் அவர் அடக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்.

மறுநாள் கமா தன் நிறுவனத்து வலைப்பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு இந்தி மடல் செய்து பார்த்தாள். அங்கே மொழியைத் தேர்ந்தெடுத்து, வாசகத்தைத் தேர்ந்தெடுத்து, 'பெறுபவர்: ஆண் / பெண்' என்ற ஒரே விசையை அழுத்தினால் போதும், மடல் தயார். அச்சடித்து உறையிலிட்டு வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

பெறுபவர் பெண் என்று அழுத்தினாள். 'மைன் துமாரா ஹூன், தும் மேரீ ஹோ' என்று வந்தது. மறுபடி மீசை. பெறுபவர் ஆண் என்று அழுத்தினாள். 'மைன் துமாரீ ஹூன், தும் மேரே ஹோ.' மீசை இப்போது பிசியோவுக்குப் போய்விட்டது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். வீட்டில் யாராவது ஒருவர் மீசை வைத்தே தீரவேண்டும் என்று அந்த விசை அடம்பிடித்தது.

நிரலெழுதும் இளைஞனைப் பொத்தான் என்பார்கள். அவனிடம் போனாள்.

"எழுதறவங்க ஆணா பெண்ணான்னு எங்கப்பா கேக்கறது?"

"கேக்கறதில்லக்கா. பெறுபவர் பொண்ணுன்னா எழுதறவர் ஆண். பெறுபவர் ஆணுன்னா எழுதறவங்க பொண்ணு. தானா எடுத்துக்கும்."

"யாரு சொன்னா?"

பொத்தான் கட்டைவிரலால் உயர்நெறியின் கண்ணாடி அறையைக் காட்டினான். "தமிழ் மட்டும் இருந்தப்ப பிரச்சினை இல்லக்கா. 'நினைக்கிறேன்', 'ஏங்குகிறேன்'னு எழுதினா யார் எழுதினாலும் ஒண்ணுதான். பெறுபவருக்கு 'என்னவனே', 'என்னவளே' மட்டும் மாத்தினாப் போதும். இந்தி சேத்தப்பதான் எழுதறவங்களும் தெரிய ஆரம்பிச்சாங்க. இன்னொரு விசை வைக்கட்டுமான்னு கேட்டேன். 'விசை பெருகினால் வாழ்வு சிக்கலாகும்'னுட்டாரு."

கமா கண்ணாடி அறைக்குப் போனாள். வழக்கம்போலக் குகைக்குள் நின்றுகொண்டே பேசினாள்.

"சார், ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தாங்க. அவங்களும் பெண்ணாம், மடல் வாங்கறவங்களும் பெண்ணாம். இந்தியில சரியா வரமாட்டேங்குதாம்."

உயர்நெறி கண்களை மூடிக்கொண்டார். யோசிக்கும்போது அப்படி மூடிக்கொள்வார். தூங்கும்போதும் அப்படித்தான் என்பதால் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். "நம் நிறுவனம் எவரையும் விலக்காதும்மா," என்றார் கடைசியில். "எல்லோரையும் அணைக்கும். ஆனா விசையைத் தொடக்கூடாது. பால் வேறுபாடே இல்லாத வாசகம் ஒன்றை நானே செய்கிறேன். பொதுப்பால் அன்பு!"

மாலைக்குள் பொதுப்பால் அன்பு தயாராகி எல்லோருக்கும் சுற்றுக்கு வந்தது:

'இம்மடலைப் பெறும் நபரின் மீது இம்மடலை அனுப்பும் நபருக்கு நேசம் உள்ளது. அது தொடர்ந்து நீடிக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது.'

"வானிலை அறிக்கை மாதிரி இருக்குக்கா," என்றான் பொத்தான். "ஒரு சில இடங்களில் இடியுடன் கூடிய முத்தம்னு கடைசியில சேத்துடலாம்."

கமா அந்தத் தாளில் ஒரு காற்புள்ளிகூடப் போடாமல் திருப்பி அனுப்பினாள். அவள் வாழ்க்கையில் அது நடந்ததேயில்லை. மனம் விட்டுப்போயிருந்தது. பேசாமல் கிளிக்குச் சொல்லும் வாசகத்தையே எழுதிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. இரண்டு ஈகாரம் வாயில் நிற்கவேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம். நின்றுவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம் இன்னொரு பக்கம். எந்தப் பயம் பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் முதலாளியின் பிறந்தநாள் வந்தது.

முதலாளி வீட்டில் பேசுவது இந்தி. அதனால் உயர்நெறி அவருக்கு இந்தியில் மடல் அனுப்புவதென்று முடிவு செய்தார். உயர்நெறிக்கு இந்தி தெரியாது. ஆனால் தெரியாது என்பது யாருக்கும் தெரியாது. யாராவது இந்தியில் பேசினால் கண்களை மூடி, "ஆஹா" என்று தலையாட்டுவார். 'மனமார்ந்தவை' என்ற பிரிவில் இருப்பதிலேயே நீளமான வாசகத்தைத் தேர்ந்தெடுத்தார். நீளமாக இருந்தால் மரியாதையும் நீளமாக இருக்கும் அல்லவா? பெறுபவர்: ஆண் என்று அழுத்தினார். கையெழுத்திடும் இடத்தில் தன் பெயரைப் போடவில்லை. இப்பேர்ப்பட்ட நடையை முதலாளி பார்த்ததும் யாருடையது என்று கண்டுகொள்ள மாட்டாரா? 'தங்கள் மொழித் துறையிலிருந்து, ஒரு ரசிக உள்ளம்' என்று மட்டும் போட்டார்.

மடல் முதலாளியின் வீட்டுக்குப் போனது. பிரித்தவர் முதலாளியம்மா.

மறுநாள் காலை அலுவலகக் கதவு திறந்த வேகத்தில் சுவரில் தொங்கிய 'அன்பே நம் தொழில்' என்ற பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. முதலாளியம்மா கையில் ரோஜாப் படம் போட்ட மடலோடு நின்றாள். பின்னால் முதலாளி, பிறந்தநாள் கொண்டாடியவரைப் போல இல்லை.

"மொழித் துறை எது?"

பொத்தான் கையைக் காட்டிவிட்டு மேசைக்கடியில் எதையோ தேடப் போய்விட்டான். மொழித் துறையில் இருந்தவர்கள் இரண்டு பேர்: கண்ணாடி அறையில் உயர்நெறி, வெளியே கமா. அந்த இருவரில் பெண் ஒருத்திதான்.

"நீதானா அது?" முதலாளியம்மா வீட்டில் இந்தி பேசினாலும் கோபத்துக்குத் தமிழைத்தான் வைத்திருந்தாள். "உங்க புன்னகைதான் என் விடியலா? என்றும் நான் உங்களவளா?"

"மேடம், என்ன சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியல."

"இது புரியுமா பாரு. 'மைன் ஹமேஷா ஆப்கீ ரஹூங்கீ.' ரஹூங்கீ! ஆம்பள எழுதினா ரஹூங்கான்னு எழுதுவான். இது பொம்பள எழுதினது. மொழித் துறையில நீ ஒருத்திதான் பொம்பள!"

அழகான தருக்கம். இலக்கணமும் அவள் பக்கம் இருந்தது. தன் உண்மையை முதலாளியம்மாவின் மொழியிலேயே சொன்னால் நம்புவாள் என்று நினைத்து, கமா பதற்றத்தில் இருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"மேடம், மைன் சச் போல்தா ஹூன்! மைன் ஆப்கே பதிகோ டீக்ஸே ஜான்தா பீ நஹீன்!"

உண்மை பேசுகிறவன் நான். உங்கள் கணவரைச் சரியாக அறியாதவனும் நான். முதலாளியம்மா ஒரு கணம் திகைத்துப்போனாள். பின்னால் நின்ற முதலாளிகூடச் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"நடிக்கிறியா? இந்தியே வராத மாதிரி நடிக்கிறியா? கட்டின புருஷன் வீட்ல இருக்கான், அவனை 'அவங்க அவங்க'ன்னு ஊரெல்லாம் மெச்சுதாமே, அந்த மனுஷனுக்குத் தெரியுமா இந்த விடியல் சங்கதி?"

குகைக்கு வெளியே ஆள் வந்து நின்று கூப்பிட்டாகிவிட்டது. கமா சுற்றிலும் பார்த்தாள். எல்லா மேசைகளிலும் விசைப்பலகைச் சத்தம் நின்றிருந்தது. அவள் எழுந்து நின்றாள். கழுத்து தானாகவே நிமிர்ந்தது.

"மேடம், உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு ஆசை வரவே வராது. அவர் நல்லவர்தான். ஆனா எந்த வீட்டுக்காரர் மேலயும் வராது. நான் 'அவங்க'ன்னு சொல்றேனே, அது அவர் இல்ல. அவள். எங்க வீட்ல இருக்கறது அவள்."

மேசைக்கடியிலிருந்து பொத்தானின் தலை மெதுவாக மேலே வந்தது.

"அப்படின்னா... ரெண்டு பேருமே...?" என்றாள் முதலாளியம்மா.

"ஆமா மேடம். ரெண்டு பேருமே ஈகாரம்."

முதலாளியம்மா மடலைப் பார்த்தாள். கமாவைப் பார்த்தாள். கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டதால் அது தடுமாறியது. "அப்ப இத எழுதின பொம்பள யாரு?"

இந்த நேரம் பார்த்துக் கண்ணாடி அறைக் கதவு திறந்தது. வெளியே குரல் கேட்டதும் பாராட்டுக்குத்தான் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டு, உயர்நெறி சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, கைகூப்பி, கண்களைப் பாதி மூடி வந்தார்.

"என் எளிய மடல் தங்கள் திருமனத்தைத் தொட்டதா?" என்றார் முதலாளியிடம். "பெயர் போடவில்லைதான். ஆனாலும் உள்ளத்துக்கு உள்ளம் தெரியாதா?"

முதலாளியம்மா அவருடைய மீசையை நன்றாகப் பார்த்தாள். அது நரைத்த, இரண்டு பக்கமும் நுனி முறுக்கிய, பண்பாடு மிக்க மீசை.

"நீங்களா? என் வீட்டுக்காரருக்கு 'என்றும் உங்களவள்'னு எழுதினது நீங்களா?"

உயர்நெறிக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரமானது. பிடிபட்டதும் முகம் வெளுத்தது. ஆனால் தவறு என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவர் உடம்பில் எந்த இடத்திலும் இல்லாததால் நாக்கு தானாகவே வேலை செய்தது.

"அது... அது நாயகி பாவம் அம்மா. பக்தி மரபில் ஆண் தன்னைப் பெண்ணாகவும் இறைவனைத் தலைவனாகவும் பாவித்து உருகுவது உண்டு. அந்த மரபில் ஒரு சிறு முயற்சி."

"என் வீட்டுக்காரர் கடவுளா?"

"ஏன், இருந்தா என்ன?" என்றார் முதலாளி, அதுவரை வாயைத் திறக்காதவர்.

"நீங்க சும்மா இருங்க!"

பொத்தானுக்கு அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டான். "மரபெல்லாம் இல்லீங்க மேடம். பெறுபவர் ஆணுன்னா எழுதறவங்க பொண்ணுன்னு பொறி தானா எடுத்துக்கும். சார்தான் அப்படி வைக்கச் சொன்னாரு. போன மாசம் ஒரு அப்பா மகனுக்கு அனுப்பினாரு, அவரும் அம்மாவாயிட்டாரு. அண்ணன் தம்பிக்கு அனுப்பினா அண்ணன் அக்காவாயிடுவாரு."

முதலாளி தன் தம்பிக்கு அதே பக்கத்தில் ஒரு மடல் அனுப்பியிருந்தார் போலும். அவர் முகத்தில் கடவுள் பட்டத்தையே மறந்த ஒரு கலவரம் ஓடியது. "அதான் அவன் ஃபோனையே எடுக்கல," என்று முணுமுணுத்தார். "இன்னிக்கே இன்னொரு விசை வை!"

பொத்தான் வைத்தான். 'எழுதுபவர்: ஆண் / பெண். பெறுபவர்: ஆண் / பெண்.' அவ்வளவுதான் வேலை. மதியத்துக்குள் உயர்நெறியின் சுற்றறிக்கை வந்துவிட்டது: நீண்ட சிந்தனைக்குப் பின் தாம் கண்டறிந்த 'நான்முக நேசத் திட்டம்' இன்று முதல் நடைமுறைக்கு வருகிறது. இனி அவர் கமாவைப் பண்பாட்டுக்கு உதாரணமாகக் காட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண்களை மூடிக்கொண்டார்.

போகும்போது முதலாளியம்மா கமாவின் மேசையருகே நின்றாள். "ஸாரிம்மா," என்றாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "'போல்தீ ஹூன்'. 'ஜான்தீ நஹீன்'. சரியா? அந்தப் பொண்ணுக்கு இந்தி தெரியாதா, உன்னை இத்தனை நாள் திருத்தலயா?"

"சிரிச்சிடுவா மேடம்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து சேர்ந்தாள். ஒல்லியான, நேரான, குரலில் மட்டும் பெரிய பெண்மணி. வரவேற்பறையில் உட்கார்ந்து, "ரூம் நல்லா இருக்கு. இன்னொரு ரூம்காரி எங்க படுக்கறா?" என்று இந்தியில் கேட்டாள். அந்த வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். பிசியோ கமாவைப் பார்த்தாள். நிமிருங்க என்று கண்ணால் சொன்னாள்.

கமா அச்சடித்த மடல் எதையும் கொண்டுவரவில்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதியிருந்தாள். இரண்டு வாக்கியம் பொறி தந்தது; அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்தபோது மனசு நிரம்பி, அவளாக ஒரு மூன்றாவது வாக்கியத்தையும் சேர்த்துவிட்டாள். அதை யாரிடமும் காட்டவில்லை.

பிசியோவைப் பார்த்துக்கொண்டு படித்தாள்.

"மைன் துமாரீ ஹூன்."

ஈகாரம் ஆணியடித்தது போல் நின்றது. அம்மாவின் கையிலிருந்த காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

"தும் மேரீ ஹோ."

அதுவும் நின்றது. பிசியோவின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் கமாவின் வாயிலிருந்து கடைசி வாக்கியம் தலைதெறிக்க ஓடிவந்தது.

"தும் மேரா ஜிந்தகீ ஹோ!"

நீ என் வாழ்க்கை. பிசியோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். கமாவுக்கு ஏதோ தப்பு என்று புரிந்தது. எது என்று தெரியவில்லை. அம்மா காபியைக் கீழே வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். போனில் இருந்த இரைச்சல் இங்கே எங்கேயும் கிடைக்கவில்லை. 'பாஷை தெரியாத பொண்ணு' என்று சொல்ல இதோ ஒரு வழி கிடைத்துவிட்டது. கமாவே திறந்து கொடுத்த வழி. அம்மா வாயைத் திறந்தாள்.

ஆனால் ஆயுள் முழுக்க ஒலிபெருக்கியில் ஒரு எழுத்துப் பிசகாமல் பேசிய வாய் அது. காதில் விழுந்த பிழையை அதனால் தாண்டிப்போக முடியவில்லை.

"மேரீ," என்றாள், வண்டி வருவதை அறிவிக்கும் அதே குரலில். "ஜிந்தகீ பெண்பால். வாழ்க்கை, வண்டி, ரொட்டி எல்லாம் பெண்பால். 'தும் மேரீ ஜிந்தகீ ஹோ.' எங்க, திருப்பிச் சொல்லு."

"தும் மேரீ ஜிந்தகீ ஹோ," என்றாள் கமா.

"அவளைப் பார்த்துச் சொல்லு. என்னை ஏன் பாக்கற? நான் உன் ஜிந்தகீ இல்ல."

கமா பிசியோவைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா," என்றாள் பிசியோ மெதுவாக, "அப்ப மத்த ரெண்டு வாக்கியம்?"

அம்மா கையை நீட்டித் தாளை வாங்கினாள். மூக்குக் கண்ணாடியை இறக்கி, முதல் வரியை ஒரு முறையும் இரண்டாவது வரியை ஒரு முறையும் பார்த்தாள். பிறகு பேனா கேட்டு வாங்கி, மூன்றாவது வரியில் 'மேரா'வை அடித்து மேலே 'மேரீ' என்று திருத்தி, தாளைக் கமாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ரெண்டுலயும் தப்பு ஒண்ணும் இல்லையே," என்றாள். "காபி ஆறிப்போச்சு. உங்கள்ல யாராவது சூடு பண்ணிக் கொண்டாங்க."